சராசரி உங்களைக் காப்பாற்றாது

"சந்தை ஏறினாலும் லாபம், இறங்கினாலும் லாபம்." எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்த வாக்கியத்தோடு ஒரு வீடியோ வந்துவிடும். சென்னையிலோ கோவையிலோ ஒருவர் வெள்ளைப் பலகை முன்னால் நிற்பார். ஒரு பள்ளம் வரைவார். பள்ளத்தின் அடியில் யூனிட் மலிவாகக் கிடைப்பதைக் காட்டுவார். பிறகு "இதுதான் எஸ்ஐபி-யின் மேஜிக்" என்பார். லண்டனில் இருக்கும் மாமா கைதட்டும் எமோஜி போடுவார். அதைப் பார்த்துவிட்டு உங்களில் சிலர் எனக்கு எழுதுகிறீர்கள்: "அண்ணா, இந்தியாவில் எஸ்ஐபி போடலாமா? விலை இறங்கினால்கூட நல்லதுதானாமே?"

போடலாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். "இறங்கினால்கூட நல்லது" என்பதோடுதான் எனக்குச் சண்டை. அந்த வெள்ளைப் பலகை வீடியோக்களில் உள்ள கணக்கு எதுவும் பொய்யில்லை. அதனால்தான் அவற்றை மறுப்பது கஷ்டம். சரியான கணக்கை வைத்துக்கொண்டு அதிலிருந்து வராத ஒரு முடிவை விற்கிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எஸ்ஐபி என்றால் ஒரு மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகையைப் போடுவது. ஃபண்டின் ஒரு யூனிட்டுக்கு அன்றைய விலை உண்டு. அதை என்ஏவி என்பார்கள். தொகை மாறாது, விலை மாறும். ஆகவே விலை குறைந்த மாதம் அதிக யூனிட் கிடைக்கும், கூடிய மாதம் குறைவாகக் கிடைக்கும். மாதம் 10,000 ரூபாய், ஐந்து மாதம் என்று வைப்போம். விலை 100, 80, 50, 80, 100. வெள்ளைப் பலகைக்காரரின் பள்ளம் இதுதான். கிடைக்கும் யூனிட்டுகள் 100, 125, 200, 125, 100. மொத்தம் 650. போட்டது 50,000 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு நீங்கள் கொடுத்த சராசரி 76 ரூபாய் 92 காசு. ஆனால் ஐந்து மாத விலைகளின் சராசரி 82 ரூபாய். "பார்த்தீர்களா, சராசரி விலையைவிட ஐந்து ரூபாய் மலிவாக வாங்கிவிட்டீர்கள்!" கடைசி விலை 100 என்பதால் கையில் 65,000 ரூபாய் இருக்கிறது. முதல் நாளே 50,000-ஐயும் போட்டவர் 500 யூனிட்டோடு, அதே 50,000 ரூபாயோடு நிற்கிறார். மேஜிக்தான்.

இப்போது பலகையை அப்படியே தலைகீழாகக் கவிழ்ப்போம். விலை 100, 125, 200, 125, 100. பள்ளத்துக்குப் பதில் ஒரு குன்று. யூனிட்டுகள் 100, 80, 50, 80, 100. மொத்தம் 410. சராசரியாகக் கொடுத்தது 121 ரூபாய் 95 காசு. ஐந்து மாத விலைகளின் சராசரி 130. இங்கே எட்டு ரூபாய் மலிவு, பள்ளத்தில் கிடைத்ததைவிட அதிக "சேமிப்பு". ஆனால் கடைசி விலை 100. கையில் இருப்பது 41,000 ரூபாய். 9,000 ரூபாய் போய்விட்டது. முதல் நாளே எல்லாவற்றையும் போட்டவர் இந்த முறையும் 50,000 ரூபாயோடு அசையாமல் நிற்கிறார்.

இந்தக் குன்றை எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. உங்களுக்குக் கிடைத்தால் அனுப்புங்கள்.

சராசரி விலையைவிடக் குறைவாக வாங்கியும் எப்படி நஷ்டம் வந்தது? நீங்கள் விற்கும்போது யாரும் உங்களுக்குச் "சராசரி விலை" தருவதில்லை. அன்றைய விலையைத்தான் தருகிறார்கள். 82-ஐயும் 130-ஐயும் வைத்துக்கொண்டு கடையில் ஒரு காப்பிகூட வாங்க முடியாது. நீங்கள் கொடுத்த சராசரி எப்போதும் விலைகளின் சராசரியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். விலை ஏறினாலும் இறங்கினாலும் குன்றானாலும் பள்ளமானாலும் அப்படித்தான். இன்ஜினியரிங்கில் இதை இசைச் சராசரி என்று படித்தோம். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், வரும்போது 40 என்றால் மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் 50 அல்ல, 48. அதே கணக்கு, அதே சூத்திரம். விலை மாறிக்கொண்டே இருக்கும்வரை அந்த இடைவெளி இருந்தே தீரும். எல்லாச் சூழலிலும் தவறாமல் வரும் ஒன்று, எந்தச் சூழலில் லாபம் எதில் நஷ்டம் என்பதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இன்னும் நம்பவில்லை என்றால் லேப்டாப்பைத் திறந்து இதை ஓட்டிப் பாருங்கள். மூன்றே வரி.

```python
prices = [100, 125, 200, 125, 100]
units = sum(10000 / p for p in prices)
print(50000 / units, units * prices[-1])
```

முதலில் வருவது உங்கள் சராசரி விலை, அடுத்தது கடைசியில் கையில் இருக்கும் தொகை. 121.95, 41,000. இப்போது அதே ஐந்து எண்களை வரிசை மாற்றி 100, 100, 125, 125, 200 என்று போடுங்கள். சராசரி விலை அதே 121.95. அந்த எட்டு ரூபாய் "சேமிப்பும்" அதேதான். கையில் இருப்பது 82,000 ரூபாய். சரியாக இரண்டு மடங்கு. சராசரி கொஞ்சமும் மாறாமல் பலன் மட்டும் 41,000-லிருந்து 82,000-க்குப் போகிறது என்றால், பலனைத் தீர்மானிப்பது சராசரி அல்ல என்பது தெளிவு. எந்த வரிசையில் விலைகள் வந்தன, கடைசியில் எங்கே நின்றன என்பதுதான் எல்லாம். அது உங்கள் கையிலும் இல்லை, வீடியோக்காரர் கையிலும் இல்லை.

ஐந்து மாத பொம்மைக் கணக்கு, நிஜச் சந்தையில் இப்படி நடக்குமா என்று கேட்பீர்கள். இரண்டு தடவை, கிட்டத்தட்ட இதே வடிவத்தில் நடந்திருக்கிறது.

2008 ஜனவரி 8-ஆம் தேதி சென்செக்ஸ் 20,873-ல் முடிந்தது. பிறகு உலக நெருக்கடி. 2009 மார்ச் 9-ஆம் தேதி 8,160. அங்கிருந்து மீண்டு 2010 நவம்பர் 5-ஆம் தேதி, தீபாவளி நாளில், 21,005. தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டது. முதல் நாள் மொத்தமாகப் போட்டவருக்கு மூன்று வருடம் வீண். மாதாமாதம் போட்டவர் 8,000-லும் 9,000-லும் 10,000-லும் வாங்கிக் குவித்ததால் தெளிவான லாபத்தில் இருந்தார். எஸ்ஐபி விளம்பரங்களுக்குப் பிடித்த பள்ளம் இது. நிஜமாகவே நடந்தது.

இப்போது குன்று. 2014 மே 16, மோடி முதல்முறை ஜெயித்த தேர்தல் முடிவு வந்த நாள். நிஃப்டி 7,203-ல் முடிந்தது. அடுத்த ஐந்தரை வருடம் ஏறி இறங்கி 2020 ஜனவரி 14-ல் 12,362 வரை போனது. பிறகு கோவிட். மார்ச் 23-ஆம் தேதி 7,610. ஏறக்குறைய ஆறு வருடம் மாதம் தவறாமல் போட்டவரை நினைத்துப் பாருங்கள். 2014-ன் தொடக்க மாதங்களையும் 2016-ன் ஆரம்பத்தையும் விட்டால், அவர் வாங்கியது கிட்டத்தட்ட எல்லாமே 7,610-க்கு மேலே. ஆறு வருட ஒழுக்கத்துக்குப் பரிசாக அன்று அவர் கணக்கில் சிவப்பு எழுத்து. டிவிடெண்டைச் சேர்க்காமல் பார்த்தால், 2014-ல் மொத்தமாகப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கூடக் கொஞ்சம் மேலேதான் இருந்தார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2020 மார்ச்சில் எனக்குத் தெரிந்த நாலைந்து பேர், எல்லாரும் இருபதுகளில் இருந்தவர்கள், எஸ்ஐபி-யை நிறுத்தினார்கள். இருவர் இருந்ததையும் விற்றார்கள். பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? "ஐந்து வருடம் போட்டால் சராசரியாகிவிடும், நஷ்டமே வராது." ஐந்து வருடம் போட்டார்கள். நஷ்டம் வந்தது. ஆகவே இந்த விஷயமே ஏமாற்று என்று முடிவு செய்தார்கள். கொடுத்த வாக்குறுதி பொய்யானால் வேறு எந்த முடிவுக்கு வருவார்கள்? அந்த வருடம் முடியும்போது நிஃப்டி 13,900-க்கு மேலே நின்றது. அதே யூனிட்டுகளை அப்படியே வைத்திருந்தவர் நல்ல லாபத்தில் இருந்தார். விற்றவர்களை விற்க வைத்ததில் சந்தைக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பொய்யான காரணத்துக்கும் அவ்வளவு பங்கு. "இந்த ஃபண்ட் பாதியாகக்கூடும், ஆறு வருடம் கழித்தும் நஷ்டத்தில் இருக்கக்கூடும், அப்படியும் விற்காமல் இருக்க முடியுமா?" என்று முதல் நாளே கேட்டிருந்தால் சிலர் சேர்ந்தே இருக்க மாட்டார்கள். சேர்ந்தவர்கள் நின்றிருப்பார்கள். கமிஷன் வாங்குகிறவருக்கு அந்த முதல் பகுதி பிடிக்காது, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் எஸ்ஐபி எதற்கு? இதற்குப் பதில் ரொம்பச் சாதாரணமானது. சம்பளம் மாதாமாதம் வருகிறது. வந்ததும் ஒரு பகுதியைப் போடுகிறோம். போட வேறு பணம் நம்மிடம் இல்லை. "மொத்தமாகப் போடுவதா, மாதாமாதம் போடுவதா" என்ற கேள்வியே சம்பளக்காரருக்குக் கிடையாது. அவர் ஒவ்வொரு மாதமும் கையில் இருப்பதை மொத்தமாகத்தான் போடுகிறார். தானாக வங்கியிலிருந்து போய்விடுவதால் மறதியும் சோம்பலும் குறுக்கே வருவதில்லை. இது நல்ல ஏற்பாடு. இதற்கு மேஜிக் தேவையில்லை.

ஆனால் கையில் ஏற்கெனவே ஒரு தொகை இருக்கும்போது இதே வாதத்தைக் கொண்டுவந்து நுழைப்பதுதான் பெரிய குழப்பம். என் சித்தி மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். போன வருடம் ஊரில் தாத்தா நிலம் விற்றதில் அவள் பங்காக 12 லட்சம் ரூபாய் அவளுடைய என்ஆர்ஓ கணக்குக்கு வந்தது. வங்கியிலிருந்து ஒருவர் உடனே போன் செய்துவிட்டார். "மொத்தமாகப் போடாதீங்க மேடம், மாதம் ஒரு லட்சமாகப் பன்னிரண்டு மாதத்தில் பங்குச்சந்தை ஃபண்டுக்கு மாற்றிவிடலாம், சராசரியாகிவிடும், ரிஸ்க் இருக்காது." மீதிப் பணம் அதுவரை ஒரு லிக்விட் ஃபண்டில் காத்திருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு எஸ்டிபி என்று பெயர்.

அவள் என்னிடம் கேட்டாள்: "அண்ணா, ரிஸ்க் எங்கே போகும்?"

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது. ரிஸ்க் எங்கும் போகவில்லை. முதல் மாதம் ஒரு லட்சம் போட்டதும் 11 லட்சம் வெளியே காத்திருக்கிறது. அடுத்த மாதம் 10 லட்சம். இப்படியே குறைந்து கடைசி மாதம் பூஜ்யம். அந்த வருடம் முழுக்கச் சராசரியாக ஐந்தரை லட்சம் ரூபாய், கிட்டத்தட்ட பாதிப் பணம், சந்தையிலேயே இல்லை. ரிஸ்க் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். பாதிப் பணத்தை வெளியே வைத்தால் யாருக்கும் ரிஸ்க் பாதிதான். அதற்குச் சராசரி என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. பதின்மூன்றாவது மாதம் என்ன ஆகும்? 12 லட்சமும் உள்ளே. அன்றைக்குச் சந்தை முப்பது சதவீதம் விழுந்தால், போன வருடம் நிதானமாகப் போட்டாள் என்பதற்காக அவள் பணத்தை மட்டும் விட்டுவைக்குமா?

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜார்ஜ் கான்ஸ்டன்டினிடஸ் என்ற பொருளியலாளர் 1979-லேயே, பிரித்துப் போடும் முறை கணக்குப்படி சிறந்த வழி அல்ல என்று எழுதிவிட்டார். வான்கார்ட் நிறுவனம் 2012-ல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்று நாட்டுப் பழைய விலைகளையும் எடுத்துப் பார்த்தது. கையில் இருந்ததை ஒரே நாளில் போட்டவர், அதை ஒரு வருடத்தில் பிரித்துப் போட்டவரைவிட மூன்றில் இரண்டு பங்கு தடவை முன்னால் இருந்தார். காரணம் எளிது. சந்தை விழும் காலங்களைவிட ஏறும் காலங்கள் அதிகம். காத்திருக்கும் பணம் அந்த ஏற்றத்தைத் தவறவிடுகிறது. நம் பொம்மைக் கணக்கிலேயே விலை 100, 110, 120, 130, 140 என்று ஏறினால் எஸ்ஐபி 50,000-ஐ 59,163 ஆக்கும். மொத்தமாகப் போட்டது 70,000 ஆகும்.

மூன்றில் ஒரு பங்கு தடவை மொத்தமாகப் போட்டவர் தோற்றார் என்பதையும் மறைக்கக் கூடாது. போட்ட அடுத்த மாதமே சந்தை விழுந்தால் தூக்கம் போய்விடும், விற்றுவிடுவேன் என்று உங்களை நீங்களே அறிந்திருந்தால் பிரித்துப் போடுங்கள். அது தூக்கத்துக்குக் கொடுக்கும் விலை. விலை என்று தெரிந்தே கொடுங்கள். லாபம் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

சித்தி மகள் விஷயத்தில் யாரும் கேட்காத கேள்வி வேறு. அந்தப் பணம் எதற்கு? மூன்று வருடத்தில் வீடு வாங்க முன்பணம். மூன்று வருடத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்குச்சந்தை ஃபண்டில் மொத்தமாகவும் போடக் கூடாது, பிரித்தும் போடக் கூடாது. வங்கிக்காரர் "எப்படிப் போடலாம்" என்று மட்டும் பேசி, "போடலாமா" என்பதைத் தாண்டிப் போய்விட்டார். அவள் பத்து லட்சத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டாள். மீதி இரண்டு லட்சம் பதினைந்து வருடம் தொடமாட்டேன் என்று சொன்ன பணம். அதை ஒரே நாளில் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டாள். சித்தப்பாவுக்கு இன்னும் அதில் வருத்தம்தான், நிலம் வாங்கியிருக்கலாமாம்.

சராசரிக்கு உண்மையாகவே ஏதாவது பலம் உண்டென்றால் அது தொடக்கத்தில்தான். நீண்ட கால எஸ்ஐபி-யில் அது தேய்ந்துகொண்டே போகிறது. இதைச் சொல்லாமல் விடுவதுதான் நாற்பது வயதை நெருங்குகிறவர்களுக்குச் செய்யும் துரோகம். மாதம் 10,000 ரூபாய் போடுகிறீர்கள். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 1,20,000 சேர்ந்திருக்கும். அப்போது சந்தை விழுந்தால், அடுத்து வரும் 10,000 என்பது இருப்பதில் எட்டு சதவீதத்துக்கு மேல்; மலிவாக வாங்குவது உங்கள் சராசரியை நன்றாகவே இறக்கும். இப்போது பத்து வருடம் கழித்து வாருங்கள். ஏஜென்ட் சொல்லும் 12 சதவீத வளர்ச்சியையே ஏற்றுக்கொள்வோம். சுமார் 23 லட்சம் ரூபாய் இருக்கும். அந்த மாதம் சந்தை 30 சதவீதம் விழுகிறது. ஏறக்குறைய ஏழு லட்சம் கரைந்து 16 லட்சமாகிறது. உங்கள் 10,000 ரூபாய் "மலிவாக" உள்ளே போகிறது. இருப்பதில் அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். பெருங்கடலில் ஒரு குடம் தண்ணீர். ஆகப் பணம் கொஞ்சமாக இருந்து பாதுகாப்பு தேவைப்படாத நாளில் சராசரி வேலை செய்கிறது. பணம் பெருகி, கல்யாணமோ வீடோ நெருங்கி, பாதுகாப்பு தேவைப்படும் நாளில் அது கைவிட்டுவிடுகிறது. அந்த நாளில் காப்பாற்றுவது ஒன்றுதான். பணம் தேவைப்படும் தேதிக்கு மூன்று நான்கு வருடம் முன்பிருந்தே, தேவைப்படும் அளவைப் பங்கு ஃபண்டிலிருந்து டெபாசிட்டுக்கோ கடன்பத்திர ஃபண்டுக்கோ நகர்த்திவிடுவது. இதற்கு எந்த ஆப்பும் "நோட்டிஃபிகேஷன்" அனுப்பாது.

உங்கள் எஸ்ஐபி உண்மையில் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள சராசரி விலையைப் பார்க்காதீர்கள். மொத்த லாப சதவீதத்தையும் அப்படியே நம்பாதீர்கள். பத்து வருடத்தில் 12 லட்சம் போட்டு 15 லட்சத்து 60 ஆயிரம் இருந்தால் ஆப் பச்சை எழுத்தில் "30 சதவீதம்" என்று காட்டும். முதல் தவணைக்கு மட்டும்தான் முழுப் பத்து வருடம். கடைசித் தவணைக்கு ஒரு மாதம். கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு ஐந்து சதவீதம்தான். ஊரில் வங்கி ஆர்டி-யே அதைவிடக் கூடுதலாகக் கொடுத்த வருடங்கள் உண்டு. இதைக் கணக்கிட விரிதாளில் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஏ நிரலில் தேதிகள், பி நிரலில் போட்ட தொகைகள் மைனஸ் குறியோடு, கடைசி வரியில் இன்றைய தேதியும் இன்றைய மதிப்பும் பிளஸ்ஸாக. 120 தவணைகளும் கடைசி மதிப்பும் என்றால்:

```
=XIRR(B2:B122, A2:A122)
```

வருவது வருடாந்திர விகிதம். ஒரு வருடம்கூட ஆகாத எஸ்ஐபி-க்கு இதைப் போடாதீர்கள். இரண்டு மாத ஏற்றத்தை வருடக் கணக்காக ஊதிப் பெருக்கி நூறு, இருநூறு சதவீதம் என்று காட்டும். அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளும் நம் குழுவுக்கு வருகின்றன.

இனி நம்மைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் உள்ள சங்கதி. எஸ்ஐபி-யில் தொகை மாறாது என்கிறோமே, எந்தப் பணத்தில்? ரூபாயில். உங்கள் சம்பளம் டாலரிலோ பவுண்டிலோ. 2011 நடுவில் ஒரு டாலருக்கு 45 ரூபாய். 2023 முடிவில் 83. இந்த இடைவெளியில் ரூபாய்க் கணக்கில் இரட்டிப்பான ஒரு முதலீடு, டாலரில் எட்டு சதவீதம்தான் கூடியிருக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு எட்டு சதவீதம். ரூபாய்ப் பட்டியல் உங்களுக்கு லாபம் என்று காட்டுவதை, வாடகை கட்டும் நாணயத்துக்கு மாற்றிய பிறகுதான் லாபமா என்று சொல்ல முடியும். ஊரிலேயே செலவழிக்கப்போகும் பணம் என்றால், அப்பா அம்மாவின் மருத்துவச் செலவு போல, இந்தக் கவலை வேண்டாம்.

ஆகவே, "போடலாமா?" அது எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் வரி கட்டுகிறவர் என்றால் இந்திய மியூச்சுவல் ஃபண்டைத் தொடுமுன் பத்து தடவை யோசியுங்கள். அங்கே அது தனி வகை வெளிநாட்டு நிறுவனமாகக் கருதப்படும். பொதுவாக ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 என்ற படிவம், அதற்குக் கடுமையான வரி. அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களின் பணத்தைப் பல இந்திய ஃபண்டு நிறுவனங்கள் வாங்குவதே இல்லை. என்னைப் போல பிரிட்டனில் இருப்பவர்கள், அந்த ஃபண்டுக்கு இங்குள்ள வரித்துறையின் "ரிப்போர்ட்டிங்" தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் விற்கும்போது வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது, முழு வருமான வரி. இங்கேயே ஐஎஸ்ஏ கணக்கில் உலகச் சந்தை இண்டெக்ஸ் ஃபண்டை மாதாமாதம் வாங்கினால் அந்த லாபத்துக்கு வரியே இல்லை. அதற்குள் இந்தியாவும் ஒரு துண்டு இருக்கும். நான் செய்வது அதைத்தான். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அங்கே மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் இந்தியாவில் விற்கும்போது என்ஆர்ஐ என்பதால் லாபத்தில் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் கணக்குக்கு அனுப்புவார்கள். சித்தி மகளுக்கு அதையும் யாரும் சொல்லவில்லை.